நரி நரிதானா, நாரை நாரைதானா? – உரைகளில் நேர்ப்பொருளும் உட்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய உரைகளை வாசிக்கிறோம். தேவாலயத்திலிருந்து நேராக வருகிறவர்கள் உண்டு, மாசித் தேருக்குத் தவறாமல் காரமடை இறங்குகிறவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஒரே வகைச் சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். எடுத்துக்கொண்டவை இரண்டு நூல்கள்: விவிலியத்தின் உன்னதப்பாட்டு (கத்தோலிக்கப் பதிப்பில் இனிமைமிகு பாடல்), நம்மாழ்வாரின் திருவாய்மொழி.

நேர்ப்பொருள், உட்பொருள்னு பிரிக்கிறீங்களே சார், அது என்ன? சுருக்கமா சொல்லுங்க.

சொற்கள் சாதாரணமாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது நேர்ப்பொருள். நரி என்றால் காட்டில் ஓடுகிற நரி. அந்த நரியை வைத்து வேறொன்றைச் சொல்கிறார்கள் என்று கொள்வது உட்பொருள். வைணவ உரைகளில் இதற்கு ஸ்வாபதேசம் என்று பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஞானார்த்தம் என்ற சொல் பழக்கம்.

இந்தப் பிரிவை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. உட்பொருளைச் சொன்ன பிறகு முதல் கதை நிற்கிறதா, விழுந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். உரையாசிரியர்களுக்குள் உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே போகும்.

வேதத்துல எவ்வளவோ இருக்கு. போயும் போயும் காதல் பாட்டைத்தான் எடுக்கணுமா?

அங்கேதான் உரையாசிரியருக்குத் தப்பிக்க வழி இல்லை. உன்னதப்பாட்டு முழுவதும் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் ஒருவரை ஒருவர் தேடுவதும் புகழ்வதும்தான். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில் கால்பங்குக்கும் மேல், பிரிந்த தலைவியோ அவளுடைய தாயோ தோழியோ பேசுவதாக அமைந்தவை. வேதம் என்று தலைமேல் வைத்திருக்கும் நூலில் இப்படி வந்தால், ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும். கட்டளையோ வரலாறோ என்றால் உரைகாரர் பேசாமல் கடந்து போய்விடலாம்.

யூத மரபிலும் இதே சங்கடம் இருந்தது. உன்னதப்பாட்டு புனித நூல்தானா என்ற விவாதத்தில், எழுத்துகள் எல்லாம் பரிசுத்தம், இதுவோ பரிசுத்தத்திலும் பரிசுத்தம் என்று ரபி அகிபா சொன்னதாக யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. விருந்துக் கூடத்தில் குரலெடுத்துப் பாடும் பாட்டாக இதை ஆக்குகிறவர்களை அவர் கண்டித்ததாகவும் குறிப்பு உண்டு. அப்படிச் சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

எங்க கேத்தி பக்கம் கேரட் தோட்டத்துல காட்டுப்பன்னி புகுந்தா, பன்னி புகுந்துச்சுன்னுதான் அர்த்தம். பைபிள்ல நரின்னா மட்டும் ஏன் வேற என்னமோ ஆகுது?

நீங்கள் கேட்பது உன்னதப்பாட்டு 2:15. “திராட்சத்தோட்டங்களைக் கெடுக்கிற குழிநரிகளையும் சிறுநரிகளையும் நமக்குப் பிடியுங்கள், நம்முடைய திராட்சத்தோட்டங்கள் பூவும் பிஞ்சுமாயிருக்கிறதே.” இதற்கு விரிவான உரை எழுதியவர் அலெக்சாந்திரியாவின் ஒரிஜென். ஏறத்தாழ 185இலிருந்து 254 வரை வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர். உன்னதப்பாட்டு உரையை 240ஐ ஒட்டி, 10 பகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினார். அதில் முன்பகுதி மட்டும் ருஃபீனுஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அவரும் தோட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார். இந்தப் பாட்டு ஒரு மணப்பாடல், நாடகம் போல ஆட்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள் என்கிறார். மணமகள், மணமகன், மணமகளின் தோழிகள், மணமகனின் நண்பர்கள். இந்த இடத்தில் மணமகன் தன் நண்பர்களிடம் நரிகளைப் பிடிக்கச் சொல்கிறான். இதுவரை உங்கள் தோட்டத்துக் கதைதான். அப்புறம்தான் உட்பொருளுக்குப் போகிறார். மணமகள் ஒரு தனி ஆன்மா என்று கொண்டால், நரிகள் தீய எண்ணங்களும் அவற்றை உள்ளே விடும் தீய சக்திகளும். மணமகள் திருச்சபை என்று கொண்டால், நரிகள் தப்பான போதகர்கள்.

சிறுநரி என்பதை அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணம் குட்டியாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும், பழக்கமாக வளர்ந்துவிட்டால் பிடிபடாது. போதனையும் அப்படியே, தொடக்கத்திலேயே மறுக்க வேண்டும். பூவும் பிஞ்சுமாக இருக்கிற பருவத்தில் சேதம் பெரிது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். கதையில் இருக்கும் அந்தக் காரணம்தான் உட்பொருளையும் தாங்குகிறது. நல்ல உட்பொருளுக்கு இது ஓர் அடையாளம்: கதையின் காரண காரியம் அப்படியே கூட வரும்.

சரி, அப்ப யார் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் ஒரு அர்த்தம் கட்டலாமே? கேக்க ஆளே இல்லையா?

ஒரிஜென் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வேதத்தை வேதத்தாலேயே விளக்க வேண்டும். நரி என்று வந்ததும் மற்ற இடங்களில் நரி எங்கே வருகிறது என்று தேடுகிறார். சிம்சோன் வால்களைச் சேர்த்துக் கட்டிய 300 நரிகள், “நரிகளுக்குக் குழிகளுண்டு” என்ற இயேசுவின் சொல், ஏரோதை அவர் நரி என்று சொன்னது. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வஞ்சகம், அழிவு என்ற பொருளுக்கு வருகிறார். அவர் சொல்வதை நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் எந்த வழியாக அங்கே வந்தார் என்பதைப் படிப்படியாகச் சரிபார்க்க முடியும்.

எப்போது நேர்ப்பொருளைத் தாண்ட வேண்டும் என்பதற்கும் அவரிடம் விதி உண்டு. நேர்ப்பொருள் நடக்க முடியாததாகவோ கடவுளுக்குத் தகாததாகவோ இருந்தால், அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடைக்கல், மேலே தேடு என்று அர்த்தம். சூரியன் படைக்கப்படாமலே முதல் மூன்று நாளும் மாலை, காலை எப்படி வந்தன என்று ஆதியாகமத்தைப் பற்றிக் கேட்டவர் அவர். இந்த விதியில் ஓர் ஆபத்து இருக்கிறது. எது தகாதது என்று முடிவு செய்கிறவர் வாசகர். தனக்குக் கூச்சமானதை எல்லாம் கடவுளுக்குத் தகாதது என்று தள்ளிவிட வழி திறந்துவிடுகிறது.

நம்மாழ்வார் ஆம்பளை. அவர் எதுக்குப் பொண்ணு குரல்ல நாரையைத் தூது விடறார்? அதையும் உட்பொருள்னு தள்ளிட வேண்டியதுதானா?

தள்ளக் கூடாது என்பதுதான் வைணவ உரைமரபின் பதில். ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல் இதை ஒரே வரியில் சொல்கிறது: ஞானத்தில் தன் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு. தெளிவோடு இருக்கும்போது ஆழ்வார் தானாகப் பேசுகிறார். அன்பு மிஞ்சி நிலை குலைந்தால் தலைவியாகிவிடுகிறார். இது வேடமோ உவமையோ இல்லை, அவருக்கு நேர்ந்த நிலை என்று உரையாசிரியர்கள் கொள்கிறார்கள்.

எங்கே நேர்கிறது என்பதையும் பாட்டின் வரிசையிலேயே காட்டுகிறார்கள். இந்நூலின் ஒவ்வொரு பதிகத்துக்கும் திருவாய்மொழி என்றே பெயர். முதல் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வார், வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்ட கண்ணனை நினைத்து “எத்திறம்” என்று உருகுகிறார். அப்படி உருகி மயங்கியே கிடந்தார் என்பது மரபு. மனம், வாக்கு, உடல் மூன்றாலும் அவனை அனுபவிக்க ஆசைப்படுகிறார், கிடைக்கவில்லை. அந்தத் தவிப்பு முற்றிய இடத்தில் நான்காம் திருவாய்மொழி, பெண் குரலில், நாரையை அழைத்துத் தொடங்குகிறது.

அண்ணா, நாரைன்னா ஆசாரியன், ரெண்டு சிறகுன்னா ஞானமும் அனுஷ்டானமும்னு உபன்யாசத்துல கேட்டேன். அப்ப நாரை எங்க போச்சு?

எங்கும் போகவில்லை. பாசுரத்தைப் பாருங்கள்.

“அஞ்சிறைய மடநாராய்! அளியத்தாய்! நீயும்நின்
அஞ்சிறைய சேவலுமாய் ஆஆவென்று எனக்கருளி
வெஞ்சிறைப்புள் உயர்த்தாற்கு என்விடுதூதாய்ச் சென்றக்கால்
வன்சிறையில் அவன்வைக்கில் வைப்புண்டால் என்செய்யுமோ.”

அழகிய சிறகுள்ள நாரையே, நீயும் உன் சேவலும் ஐயோ என்று எனக்கு இரங்கி, கருடக்கொடியானிடம் தூது போங்கள். ஒருவேளை அவன் உங்களைக் கடுஞ்சிறையில் வைத்தால்தான் என்ன, எனக்காக அதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்கிறாள். உரைகாரர்கள் முதலில் இந்தக் காட்சிக்குள்ளேயே நிற்கிறார்கள். தனித்துக் கிடப்பவளின் கண்ணில் முதலில் படுவது ஜோடியாக இருக்கிற பறவை. பேடையை முதலில் கூப்பிடுகிறாள், சேவலை அவள் வழியாகப் பிடிக்கிறாள். பிராட்டியை முன்னிட்டுப் பெருமாளைப் பற்றுவது போல என்று இங்கே ஒரு படி ஏறுகிறார்கள். ஆனால் அந்தப் படி காட்சியிலிருந்தே எழுகிறது.

இதற்கெல்லாம் பிறகு, தனியாக, ஸ்வாபதேசம். இறைவனிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறவர் ஆசாரியர். ஒற்றைச் சிறகால் பறவை பறக்காது, ஞானம் மட்டும் இருந்து நடத்தை இல்லாதவரும் அப்படியே. மற்ற பறவைகளுக்கும் இந்த வழியில் பொருள் சொல்வார்கள். அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதுபோல சாரம் அசாரம் பிரித்தறிகிறவர். கிளி தன் ஆசிரியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவர். உபன்யாசத்தில் நேரம் இருக்காது, அதனால் ஸ்வாபதேசத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கிறவருக்கு நாரை பறந்துபோன மாதிரி இருக்கிறது.

எல்லா உரைகளும் இப்படியேதானா, இல்ல ஆளுக்கு ஆள் மாறுதா?

மாறுகிறது. முதல் உரை, ராமானுஜர் நியமனத்தில் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படி. படி என்பது 32 எழுத்து கொண்ட ஓர் அளவு, ஆறாயிரம் என்பது உரையின் நீளம். அது சுருக்கமானது, பாசுரத்தின் ஓட்டத்தை வடமொழி கலந்த நடையில் எடுத்துச் சொல்லிப் போகும். 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை செய்த காலட்சேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. காட்சியை விரிப்பதில் அதற்கு இணை இல்லை. வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி, பதவுரையோடு ஸ்வாபதேசத்தையும் முறையாகத் தருகிறது.

இவற்றின் சாரத்தை எல்லாம் சூத்திரமாக்கியது ஆசார்ய ஹ்ருதயம். எழுதியவர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். தோழி, தாய், மகள் என்ற மூன்று குரல்களையும் ஆழ்வாரின் மூன்று அறிவு நிலைகளாக அவர் பிரிக்கிறார். இறைவனோடுள்ள உறவை உணர்ந்த நிலை தோழி. வழி அவனே என்று துணிந்த நிலை தாய், அதனால்தான் தாய் மகளைப் பொறுத்திரு என்று தடுக்கிறாள். பயனுக்குப் பதறும் நிலை மகள். என் ருசிக்கு இது கொஞ்சம் அதிகமாகவே கச்சிதம். ஆனால் தாயின் கண்டிப்பு ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

ஒரிஜெனை யாருமே எதிர்க்கலையா?

பலமாக எதிர்த்தார்கள். முக்கியமானவர் அந்தியோக்கிய மரபில் வந்த மொப்சுவெஸ்தியா ஆயர் தியோதோர், 428இல் இறந்தார். கதையை அழித்துவிட்டு மேலே ஒன்றைக் கட்டுகிறவர்கள் கடைசியில் வேத வரலாற்றையே கனவாக்கிவிடுகிறார்கள் என்பது அவர் கோபம். உன்னதப்பாட்டைப் பற்றி அவர் சொன்னது நேரடியானது. சாலொமோன் எகிப்திய இளவரசியை மணந்தார், அவள் கறுப்பு, ஊரார் ஏளனம் செய்தார்கள், அதற்குப் பதிலாக அவர் எழுதிய பாட்டு இது.

தியோதோர் இறந்து 125 ஆண்டு கழித்து, 553இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவரைக் கண்டித்தது. கிறிஸ்துவைப் பற்றிய அவர் போதனைதான் முக்கியக் குற்றச்சாட்டு, இந்த உன்னதப்பாட்டு விளக்கமும் கூடச் சேர்ந்துகொண்டது. அவருடைய கருத்து நமக்குத் தெரிவதே அந்தச் சங்க ஏடுகளில் குற்றமாக எடுத்து எழுதியிருப்பதால்தான். அதே சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஒரிஜென் பெயரும் இருக்கிறது, வேறு காரணங்களுக்காக.

அலெக்சாந்திரியான்னா உட்பொருள், அந்தியோக்கியான்னா நேர்ப்பொருள்னு செமினரியில் படிச்சேனே. அது போதும்ல?

பரீட்சைக்குப் போதும். அந்தியோக்கிய மரபிலேயே வந்த சீருஸ் ஆயர் தியோதொரேத், உன்னதப்பாட்டை வெறும் காதல் பாட்டாகப் படிப்பவர்களைக் கடுமையாகச் சாடி, மணமகள் திருச்சபை என்றே உரை எழுதினார். இந்தப் பக்கம் ஒரிஜெனோ எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் பத்தி பத்தியாக அடுக்கி ஒப்பிட்டவர். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடம் பெத்தானியா இல்லை, பெத்தாபரா என்று நேரில் அந்தப் பகுதிக்குப் போய்ப் பார்த்துச் சொன்னவர். எழுத்தில் அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

பவுலே ஆகார், சாராள் கதையை ஞானார்த்தம்னு சொல்றாரே. அப்புறம் என்ன சண்டை?

கலாத்தியர் 4:24, “இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள்.” ஒரிஜென் இதைத் தனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார். தியோதோர் அதே வசனத்தைத் திருப்பிப் போட்டார். ஆபிரகாமுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள் என்று பவுல் முதலில் சொல்கிறார், நடந்தது என்று ஒப்புக்கொண்டுதான் ஒப்பிடுகிறார், நீங்கள் நடந்ததையே எடுத்துவிடுகிறீர்கள் என்றார். முதல் பதிலில் சொன்னேனே, கதை நிற்கிறதா என்ற கேள்வி, அதன் மிகத் தெளிவான வடிவம் இதுதான்.

“நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்”னு வருது. அந்தக் கறுப்பைப் பாவம்னு பிரசங்கத்துல சொன்னாங்க. எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு அண்ணா.

கஷ்டப்பட்டது நியாயம். உட்பொருள் எங்கே தவறிப்போகும் என்பதற்கு இதையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஒரிஜென் இங்கே இரண்டு வழியில் போகிறார். ஒன்று, கறுத்த மணமகள் யூதரல்லாதவரிலிருந்து வந்த திருச்சபை. மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணையும் சாலொமோனைப் பார்க்க வந்த சேபாவின் ராணியையும் அவளுக்குத் துணையாக நிறுத்துகிறார். அது அவளை உயர்த்துகிற வழி. இன்னொன்று, பாவத்தால் கறுத்து மனந்திரும்பி அழகான ஆன்மா. பிரசங்கங்களில் பெரும்பாலும் மிஞ்சியது இந்த இரண்டாவதுதான்.

அடுத்த வசனத்தையே படித்துப் பாருங்கள். வெயில் பட்டது, அண்ணன்மார் கோபித்துத் திராட்சத்தோட்டக் காவலுக்கு வைத்தார்கள் என்று அவளே காரணம் சொல்கிறாள். நாள் முழுக்கத் தேயிலை எடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படாத வரி. நரியின் சிறுமை அதன் உட்பொருளோடு ஒட்டியது போல, இந்தக் காரணம் பாவம் என்ற உட்பொருளோடு ஒட்டவில்லை. அவள் தோட்டத்தில் நின்றது பிறர் செய்த கட்டாயம். காரணம் கூட வராத இடத்தில் அந்த உட்பொருளை விட்டுவிடலாம். கூடவே, அந்தக் கறுப்பியை ராஜாவின் மனைவியாக, ஏளனத்துக்குப் பதிலாக நிறுத்தியவர் கண்டிக்கப்பட்ட தியோதோர்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப ரெண்டு மதமும் ஒண்ணையேதான் சொல்லுதுன்னு எடுத்துக்கலாமா?

அப்படி முடிச்சுப் போட வேண்டாம். கருவிகளே வேறு. ஒரிஜெனுக்கு முன்னால் ஹோமரின் கதைகளுக்கு உட்பொருள் சொன்ன கிரேக்கர்களும், மோசேயின் நூல்களுக்குச் சொன்ன அலெக்சாந்திரிய யூதர் ஃபீலோவும் இருந்தார்கள். ஈட்டுக்குப் பின்னால் இருப்பது அகத்திணை. தலைவி, தோழி, தாய், தூது போகும் பறவை எல்லாம் தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கம்.

அதைவிடப் பெரிய வேறுபாடு, தகாத செயல் என்ற இடத்தில் வருகிறது. கடவுள் வெண்ணெய் திருடி அடி வாங்கி உரலில் கட்டுண்டார் என்பதை ஒரிஜெனின் விதிப்படி பார்த்தால் தடைக்கல், மேலே தேட வேண்டும். வைணவ உரைகாரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அது அப்படியே நடந்தது. நடந்ததால்தான் ஆழ்வார் மயங்கினார், உட்பொருளாக்கிவிட்டால் மயங்குவதற்கு ஒன்றும் இல்லை. தலைவி பாட்டுக்கு ஸ்வாபதேசம் சொல்கிற அதே ஆட்கள் இங்கே முழு நேர்ப்பொருள்காரர்கள்.

பூவையை அவ திட்டுறாளே. பறவைன்னா ஆசாரியன்னா, ஆசாரியனைத் திட்டலாமா?

நான்காம் திருவாய்மொழியின் எட்டாம் பாசுரம். என் நோயைச் சொல் என்றேன், சொல்லாமல் இருந்துவிட்டாய், என் நிறமும் போயிற்று, இனி உன் அலகில் இனிய சோறு வைப்பாரைத் தேடிக்கொள் என்கிறாள். இங்கே பூவையை ஆசாரியர் என்று மட்டும் பிடித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட சிக்கல் வந்துவிடும். கதையில் அது அவள் ஊட்டி வளர்த்த பறவை. தான் பிழைக்கமாட்டோம் என்று நினைக்கிறவள், வளர்த்ததை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்படுகிறாள். கோபத்துக்குள் அந்தக் கவலை இருக்கிறது. இந்த வரியை உட்பொருளால் திறக்க முயன்றால் கெட்டுப்போகும்.

வாடைக் காத்துக்கும் நெஞ்சுக்கும் சிறகே கிடையாதே. அவங்களையும் தூது விடறாளே, அதுக்கு என்ன சொல்வாங்க?

பத்துத் தூதில் ஒன்பதாவது “ஊடாடு பனிவாடாய்”, பத்தாவது “மடநெஞ்சே”. ஞானம், அனுஷ்டானம் என்ற சிறகுக் கணக்கு இரண்டுக்கும் செல்லாது. ஸ்வாபதேசம் என்பது எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒற்றைச் சாவி இல்லை என்பதற்கு இந்த இரண்டு பாசுரங்களே சாட்சி.

வரிசையாகப் படித்தால் கதையிலேயே காரணம் கிடைக்கிறது. முதலில் வெளியே ஜோடியாகத் திரிகிற பறவைகளைக் கேட்டாள். அப்புறம் தான் வளர்த்த கிளியையும் பூவையையும் கேட்டாள், பூவை வாய் திறக்கவில்லை. எட்டுத் தூதும் சொல்லியாயிற்று, மிஞ்சியது தன்னைக் குளிரால் வாட்டுகிற காற்றுதான். அதனிடமே, அவனிடம் இதைச் சொல், அதற்கு அப்புறம் என் உடலை என்ன செய்தாலும் செய் என்கிறாள். கடைசியில் தன் நெஞ்சு. கடலில் கண்வளரும் அவனைக் கண்டால் இதைச் சொல், நாங்கள் ஒன்றாகும்வரை அவனை விடாதே என்று அதை அனுப்புகிறாள்.